நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் செட்டிங்ஸ் எதுவும் தெரியவில்லையா? என்ன செய்யலாம்

ஃபைபர் இணைப்பு எடுத்தால் கூடவே ஒரு வெள்ளைப் பெட்டியும் வரும். ஒளி இழையில் வரும் சிக்னலை இணையமாக மாற்றுவதும், வீட்டுக்கு வைஃபை கொடுப்பதும் அதே பெட்டிதான். லைன்மேன்கள் அதை ஓ.என்.டி. என்பார்கள். அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் மாற்றலாம். தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றும் டி.என்.எஸ்., வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் இருக்காது, அல்லது சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடக்கும்.

இதற்கு என்ன வழி என்பது உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான தேவைகளுக்கு கஸ்டமர் கேரை அழைக்கவே வேண்டாம், உங்கள் ரவுட்டர் ஒன்றை அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டினால் போதும். ஒன்றிரண்டு தேவைகளுக்கு மட்டும்தான் நிறுவனத்தின் தயவு வேண்டும். மதுரையில் உறவினர் வீட்டில் செய்ததை வைத்தே சொல்கிறேன். அவருக்கு இரண்டு ஆசைகள்: பிள்ளைகளின் போனில் ஆபாசத் தளங்கள் திறக்கக் கூடாது. அப்புறம், வீட்டில் இருக்கும் ஃபைல் சர்வரை வெளியூரிலிருந்து திறக்க வேண்டும்.

முதலில், என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வைஃபையில் இணைந்த விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ipconfig
```

`Default Gateway` என்ற வரியில் வரும் எண்தான் பெட்டியின் முகவரி. பெரும்பாலும் `192.168.1.1` ஆக இருக்கும். அதை பிரவுசரில் போட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போங்கள். அங்கே `Status` அல்லது `WAN` பக்கத்தில் ஒரு ஐ.பி. எண் தெரியும். அதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்டிக்கரில் இருப்பது வாடிக்கையாளர் கணக்கு. முழு அதிகாரம் உள்ள இன்னொரு கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களுடைய சர்வர் தொலைவிலிருந்தே எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாதிரியான அமைப்பை அனுப்புகிறது. அதனால்தான் உங்களிடமிருந்து மறைத்து வைக்கிறார்கள். அந்தப் பெரிய கணக்கின் பாஸ்வேர்டு இணையத்தில் கிடைக்கிறதே என்று தேடிப் போகாதீர்கள். உள்ளே நுழைந்து மாற்றினாலும், நிறுவனத்தின் சர்வர் அடுத்த முறை அமைப்பை அனுப்பும்போது பழையபடி ஆகிவிடலாம். போதாததற்கு, தெரியாமல் `WAN` பகுதியில் கை வைத்தால் இணையமே போய்விடும். பெட்டியின் பின்னால் உள்ள சின்ன ரீசெட் துளையில் ஊசி விடுவதும் அதே கதைதான். சில பெட்டிகளில் இணைப்புக்கான விவரங்களே அழிந்துபோய், டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

சொந்த ரவுட்டரைப் பின்னால் மாட்டுவது

முதல் ஆசைக்கு இது போதும். பெட்டியின் `LAN1` துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து, புது ரவுட்டரின் `WAN` துளையில் செருகுங்கள். `WAN` துளை தனி நிறத்தில் இருக்கும். தப்பித் தவறி அதை `LAN` துளையில் செருகினால், இரண்டு பெட்டிகளும் ஒரே வீட்டில் முகவரி வழங்க ஆரம்பித்து, ஒரு போனில் இணையம் வரும், பக்கத்துப் போனில் வராது.

புது ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைப்பு வகையை `Dynamic IP` என்று வையுங்கள். அடுத்து, அதன் சொந்த `LAN` முகவரியை மாற்ற வேண்டும். பழைய பெட்டியும் `192.168.1.1`, புதியதும் `192.168.1.1` என்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். நாங்கள் `192.168.50.1` என்று வைத்தோம். சேமித்ததும் பக்கம் அப்படியே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். புது எண்ணை பிரவுசரில் போட்டு மறுபடி லாகின் செய்யுங்கள்.

இப்போது பழைய பெட்டி மறைத்து வைத்திருந்த டி.என்.எஸ். உங்கள் கையில். ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் இலவச எண்கள் இவை. புது ரவுட்டரின் `DHCP Server` பக்கத்தில் போடுங்கள்:

```
Primary DNS:   1.1.1.3
Secondary DNS: 1.0.0.3
```

புது ரவுட்டரில் `IPv6` இயங்கினால், அதன் வழியே வேறு டி.என்.எஸ். உள்ளே நுழையும். தெரியாதவர்கள் `IPv6`-ஐ அணைத்து வைப்பதே சுலபம். அடுத்து, பழைய பெட்டியின் வைஃபையை அணையுங்கள். வாடிக்கையாளர் கணக்கிலேயே பெரும்பாலும் இதைச் செய்ய முடியும். அணைக்காவிட்டால் பிள்ளைகள் அந்தப் பழைய வைஃபையில் ஏறிக்கொள்வார்கள், நீங்கள் போட்ட தடுப்பு வீண்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, வைஃபையை அணைத்துப் போட்டு மறுபடி இணைந்த கணினியில்:

```
nslookup nudity.testcategory.com
```

இது கிளவுட்ஃபிளேர் சோதனைக்காகவே வைத்திருக்கும் பெயர். பதிலில் `0.0.0.0` வந்தால் தடுப்பு இயங்குகிறது. வேறு எண் வந்தால், முதலில் பதிலின் மேலே `Address` என்று வரும் வரியைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த எண் அங்கே இல்லையென்றால் கணினி இன்னும் பழைய அமைப்பை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் `Private DNS` என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் வேறு பெயர் போட்டிருந்தால் ரவுட்டரின் சொல்லை போன் கேட்காது. மொபைல் டேட்டாவில் போனாலும் அப்படித்தான். இந்தத் தடுப்பு வீட்டு வைஃபைக்கு மட்டும்தான் என்பதை உறவினரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றும் வேலை செய்கின்றன. யூடியூப், வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு எதற்கும் இது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய விஷயங்களுக்குத்தான் இது சுவர்.

வெளியிலிருந்து உள்ளே வர வேண்டுமா? கஸ்டமர் கேரை அழைக்கும் முன்

ஃபைல் சர்வர் ஆசைக்கு இதுதான் சிக்கல். முன்பு எழுதிவைத்த `WAN` ஐ.பி. எண்ணை இப்போது எடுங்கள். கூகுளில் "what is my ip" என்று தேடினால் வெளியுலகம் பார்க்கும் எண் கிடைக்கும். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. `WAN` எண் 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தாலோ, `10.` என்று ஆரம்பித்தாலோ, நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அப்படியானால் நீங்கள் எந்த ரவுட்டர் வாங்கினாலும், போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை. உறவினர் வீட்டில் `100.72` என்று ஆரம்பித்தது. புது ரவுட்டரில் ஏற்கெனவே போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டு ஏன் திறக்கவில்லை என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, கேட்க வேண்டியவை இரண்டு: பெரும்பாலும் ஸ்டேட்டிக் ஐ.பி. என்ற பெயரில் கிடைக்கும் பொது முகவரி, பிரிட்ஜ் முறை. பிரிட்ஜ் என்றால் நிறுவனத்தின் பெட்டி ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு, சிக்னலை மாற்றி அப்படியே கடத்தும். பிபிபிஓஇ என்ற முறையில் லாகின் செய்து இணைப்பு எடுப்பது உங்கள் ரவுட்டரின் வேலையாகிவிடும். ஓ.என்.டி.யைத் தூக்கிப்போட முடியாது. அதன் சீரியல் எண் நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, கடையில் வாங்கிய வேறொன்றை ஃபைபரில் செருகினால் இணைப்பு வராது.

"என் ரவுட்டரில் செட்டிங்ஸ் தெரியல" என்று ஆரம்பித்தால் ரீஸ்டார்ட் பண்ணுங்க என்பார்கள். வீலேன் ஐடி என்பது நிறுவனம் தன் லைனில் இணையத்தைத் தனியாகப் பிரிக்கப் போடும் எண். மேக் லாக் என்பது ஒரே ஒரு சாதனத்தின் அடையாள எண்ணுக்கு மட்டும் இணைப்பைப் பூட்டி வைப்பது. நேராக இப்படிக் கேளுங்கள்:

"வணக்கம், என் கனெக்‌ஷன்ல ஓ.என்.டி.யோட முதல் லேன் போர்ட்ட பிரிட்ஜ் மோடுக்கு மாத்தணும். என் சொந்த ரவுட்டர்ல பிபிபிஓஇ டயல் பண்ணப் போறேன். யூசர் நேமும் பாஸ்வேர்டும் வேணும். வீலேன் ஐடி என் ரவுட்டர்ல போடணுமா, இல்ல ஓ.என்.டி.யே பாத்துக்குமா? மேக் அட்ரஸ் லாக் இருந்தா எடுத்துவிடுங்க. லேண்ட்லைன் போன் நிக்காம இருக்கணும். அப்புறம் ஸ்டேட்டிக் ஐ.பி.க்கு மாசம் எவ்வளவு?"

முதலில் எடுப்பவர் முடியாது என்று சொன்னாலும், புகார் எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் பகுதி டெக்னீஷியனிடம் பேசினால் பெரும்பாலும் அவர்தான் செய்துகொடுப்பார். பிபிபிஓஇ இல்லாமல் வேறு முறையில் பெட்டியை அடையாளம் காணும் நிறுவனங்களில் பிரிட்ஜ் கிடைக்காமலே போகலாம். அதனால் விலையுயர்ந்த ரவுட்டரை இந்தப் பதில் வந்த பிறகு வாங்குங்கள்.

பிரிட்ஜ் போட்ட பிறகு

கேபிள் அதே இடத்தில் இருக்கட்டும். புது ரவுட்டரில் இணைப்பு வகையை `PPPoE` என்று மாற்றி, கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். வீலேன் எண் கொடுத்திருந்தால் `VLAN` அல்லது `IPTV/VLAN` பக்கத்தில் போடுங்கள். `MTU` 1492 என்று இருக்கட்டும்.

இணைப்பு வராவிட்டால் ரவுட்டரின் `System Log` பக்கத்தைப் பாருங்கள். இங்கே இரண்டு விதமான தோல்வி உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. `authentication failed` என்று வந்தால், நிறுவனத்தின் சர்வரை நீங்கள் அடைந்துவிட்டீர்கள். பாஸ்வேர்டு தவறு, அல்லது மேக் லாக் இருக்கிறது, அல்லது பழைய பெட்டியின் லாகின் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய லாகின்தான் காரணமென்றால் ரவுட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்துப் போட்டால் சரியாகிவிடும். `no response` அல்லது `timeout` என்று வந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. உங்கள் கேள்வியே சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. வீலேன் எண் தவறு, அல்லது கேபிள் வேறு துளையில் இருக்கிறது, அல்லது பிரிட்ஜ் இன்னும் போடவில்லை. உறவினர் வீட்டில் இந்த இரண்டாவதுதான் வந்தது. டெக்னீஷியன் பிரிட்ஜ் போட்டது `LAN2`-இல், கேபிள் இருந்தது `LAN1`-இல்.

இணைப்பு வந்ததும் ரவுட்டரின் `WAN` எண்ணையும் வெளியுலக எண்ணையும் மறுபடி ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால்தான் பொது முகவரி வந்திருக்கிறது. பொது முகவரி வந்துவிட்டால் இணையத்தில் இருக்கும் யாரும் உங்கள் வாசலைத் தட்டலாம். அதனால் ஃபைல் சர்வரின் போர்ட்டை நேராகத் திறந்துவிடாமல், ரவுட்டரிலேயே `WireGuard` அல்லது `OpenVPN` என்ற பூட்டிய வி.பி.என். வழி இருந்தால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, அதன் வழியாக உள்ளே வாருங்கள். உறவினருக்கு அப்படித்தான் வைத்துக்கொடுத்தேன்.

இனி வேகம் குறைந்து கஸ்டமர் கேரை அழைத்தால், "உங்க ரவுட்டர்தான் பிரச்சினை" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அதற்கு முன்பே லேப்டாப்பை கேபிளில் நேராகப் பெட்டியில் செருகிப் பார்த்துவிடுங்கள். பிரிட்ஜ் முறையில் வெறுமனே செருகினால் இணையம் வராது. விண்டோஸில் `Set up a new connection or network` போய், `Connect to the Internet`, பிறகு `Broadband (PPPoE)` தேர்ந்தெடுத்து, அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். அப்போது உங்கள் ரவுட்டர் அணைந்திருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு லாகினைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள்.