120 வந்தால் போதாது: மூன்று தொடை வென் வரிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என் மேசைக்கு வரும் கொப்பிகளில் மூன்று வட்டக் கணக்குகள் நிறைய இருக்கும். வட்டம் கோணலாக இருப்பது, கூட்டலில் ஒன்று தவறுவது, அகிலத்தொடையின் பெட்டியை வரைய மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்தும். நான் மாணவனாக இருந்த காலத்திலேயே கொப்பிகளில் குடியிருந்து இன்றும் வெளியேறாமல் இருக்கும் ஒரு தவறு உண்டு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும்.

முதலில் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு பாடசாலையில் 120 மாணவர்களிடம் எங்கெங்கே சுற்றுலா போயிருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. நயினாதீவுக்குப் போனவர்கள் 65 பேர். கீரிமலைக்கு 55 பேர். நெடுந்தீவுக்கு 43 பேர். நயினாதீவு, கீரிமலை இரண்டுக்கும் போனவர்கள் 28 பேர். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டுக்கும் 19 பேர். இரண்டு தீவுகளுக்கும் குறிகட்டுவானில்தான் படகு ஏறவேண்டும் என்பதால் அந்த எண் இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம், போகட்டும். கீரிமலை, நெடுந்தீவு இரண்டுக்கும் 16 பேர். மூன்று இடங்களுக்கும் போனவர்கள் 7 பேர். (அ) எங்குமே போகாதவர்கள் எத்தனை பேர்? (ஆ) சரியாக இரண்டு இடங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

நடுவில் 7. அதைச் சுற்றி மூன்று இதழ்கள். நயினாதீவும் கீரிமலையும் வெட்டும் இதழில் 28 − 7 = 21, மற்ற இரண்டிலும் 19 − 7 = 12, 16 − 7 = 9. அதன் பிறகுதான் ஓரங்கள். நயினாதீவு மட்டும் 65 − 21 − 12 − 7 = 25. கீரிமலை மட்டும் 55 − 21 − 9 − 7 = 18. நெடுந்தீவு மட்டும் 43 − 12 − 9 − 7 = 15. ஏழு பிரதேசங்களையும் கூட்டினால் 107. ஆகவே எங்கும் போகாதவர்கள் 13 பேர், சரியாக இரண்டு இடங்களுக்குப் போனவர்கள் 21 + 12 + 9 = 42 பேர்.

இடைவெட்டின் எண்ணை அப்படியே இதழில் எழுதுதல்

இதுதான் அந்தத் தவறு. வினாவில் 28 என்று இருக்கிறது, படத்தில் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கை 28ஐ அங்கே எழுதிவிடுகிறது. ஆனால் நயினாதீவு வட்டமும் கீரிமலை வட்டமும் வெட்டும் இடம் அந்த இதழ் மட்டுமல்ல. இதழும் நடுவும் சேர்ந்தது. மூன்று இடங்களுக்கும் போன 7 பேரும் இந்த இரண்டு இடங்களுக்கும் போனவர்கள்தானே. இதழில் 28ஐயும் நடுவில் 7ஐயும் எழுதினால் 35 பேரைப் போகவைத்துவிட்டோம்.

இவ்வளவுதான் என்றால் எனக்கு எரிச்சல் வராது. ஒருமுறை சுட்டிக்காட்டினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். எரிச்சல் ஊட்டுவது, இந்தத் தவறு சில நேரங்களில் சரியான விடையையே தந்துவிடுவதுதான்.

சென்ற பரீட்சைக்கு முன்பு கெட்டிக்காரப் பையன் ஒருவன் இதே மாதிரிக் கணக்கைச் செய்து கொண்டுவந்தான். இதழ்களில் 28, 19, 16. நடுவில் 7. ஓரங்களில் நயினாதீவு மட்டும் 65 − 28 − 19 = 18, கீரிமலை மட்டும் 55 − 28 − 16 = 11, நெடுந்தீவு மட்டும் 43 − 19 − 16 = 8. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 18 + 11 + 8 + 28 + 19 + 16 + 7 = 107. எங்கும் போகாதவர்கள் 13. விடைத்தாளிலும் 13.

"தம்பி, இந்தப் படத்தில் ஆறு எண்கள் பிழை" என்றேன்.

"சேர், முதல் விடை சரியாக வந்திருக்கிறதே. பெட்டி முழுவதையும் கூட்டியும் பார்த்தேன், 120 வருகிறது" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் செய்தது ஒரு தவறு அல்ல, இரண்டு. முதலாவது, இதழ்களில் நடுவைக் கழிக்காமல் விட்டது. அதனால் மூன்று இதழ்களிலும் ஏழேழு கூடி மொத்தம் 21 ஏறியது. இரண்டாவது, ஓரங்களைக் கணிக்கும்போது 28ஐயும் 19ஐயும் கழித்தது. அந்த இரண்டு எண்களுக்குள்ளும் அதே 7 பேர் இருக்கிறார்கள், ஆகவே ஒருமுறை போகவேண்டிய 7 இரண்டு முறை போய்விட்டது. மூன்று ஓரங்களிலும் ஏழேழு குறைந்து மொத்தம் 21 இறங்கியது. ஏறிய 21ஐ இறங்கிய 21 சமன் செய்துவிட்டது. நடுவில் எந்த எண்ணை வைத்தாலும் இது இப்படியே சமனாகும். எண்கள் தற்செயலாக அமைந்ததால் நடந்த வேலை அல்ல.

120 வருகிறது என்ற சரிபார்ப்போ வெறும் கானல். 13ஐ அவன் பெற்றதே 120இலிருந்து 107ஐக் கழித்துத்தான். கழித்ததை மறுபடி கூட்டினால் 120 வராமல் வேறென்ன வரும்?

இரண்டாம் பகுதியில்தான் குட்டு வெளிப்படும். சரியாக இரண்டு இடங்களுக்குப் போனவர்கள் அவன் படத்தில் 63 பேர், உண்மையில் 42. ஒரே ஓர் இடத்துக்குப் போனவர்கள் அவன் படத்தில் 37, உண்மையில் 58. வினா முதல் பகுதியோடு நின்றுவிட்டால் முழுப் புள்ளியும் கிடைக்கும். மாணவன் தன் முறை சரி என்ற நம்பிக்கையோடு அடுத்த தாளுக்குப் போவான். இப்படி ஒரு வருடம் முழுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வட்டங்களைக் கூட்டியதோடு சரிபார்ப்பை முடித்தல்

மேலே சொன்ன பையனின் நயினாதீவு வட்டத்தை மட்டும் கூட்டினால் 18 + 28 + 19 + 7 = 72. வினாவில் 65. கீரிமலைக்கு 62, வினாவில் 55. நெடுந்தீவுக்கு 50, வினாவில் 43. ஒவ்வொரு வட்டத்திலும் சரியாக 7 மிஞ்சுகிறது. நடுவின் எண்ணே மிச்சமாக வந்து நின்றால் நோய் எங்கே என்று தேடவேண்டியதில்லை.

இதைக் கேட்டவுடன் பலர் வட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். போதாது. இதழில் 28, 19, 16 என்று எழுதிவிட்டு, ஓரங்களில் மட்டும் ஒழுங்காக மூன்றையும் கழித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். நயினாதீவு மட்டும் 65 − 28 − 19 − 7 = 11. மற்றவை 4, 1. அவளுடைய வட்டங்கள் மூன்றும் 65, 55, 43 என்று பிசகில்லாமல் கூடும், ஏனென்றால் ஓரம் என்பதே வட்டத்தில் மிஞ்சியதுதான். ஆனால் ஏழு பிரதேசங்களின் கூட்டுத்தொகை 86, வெளியே 34 பேர். சரியான விடையைவிட 21 கூட. ஒரு தவறு செய்தவளுக்கு முதல் பகுதியும் பிழைக்கிறது, இரண்டு தவறு செய்தவனுக்கு அது சரிவருகிறது. என்ன நியாயம்!

ஆகவே இதழிலிருந்து சரிபாருங்கள். வினாவில் இரண்டு இடங்களைப் பற்றி வரும் வசனத்தை மறுபடி வாசித்து, அந்த இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான இதழையும் நடுவையும் கூட்டுங்கள். 21 + 7 = 28 என்றால் சரி. 28 + 7 = 35 என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மூன்று வசனங்கள், மூன்று கூட்டல்கள். அதற்குப் பிறகு வட்டங்கள். இரண்டையும் பார்த்தால் மேலே சொன்ன இரண்டு பேரும் பிடிபடுவார்கள்.

"மட்டும்" இருக்கும்போதும் கழித்தல்

மேற்கண்டதை நன்றாகப் படித்தவர்களின் தவறு இது. "நயினாதீவுக்கும் கீரிமலைக்கும் மட்டும் போனவர்கள் 21" என்று வினா தந்தால் அந்த 21 நேராக இதழுக்குரியது. "இரண்டுக்கும் போய் நெடுந்தீவுக்குப் போகாதவர்கள்" என்றாலும் அதேதான். ஒரே வினாவில் ஒரு வசனம் இப்படியும் இன்னொன்று அப்படியும் வரலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நடு தெரியாதபோது ஓரத்திலிருந்து தொடங்குதல்

வினா 7ஐத் தராமல், எங்கும் போகாதவர்கள் 13 என்று தந்துவிட்டு நடுவைக் கேட்கும். நடு தெரியாது என்பதற்காக வெளியிலிருந்து உள்ளே வரவேண்டாம். நடுவில் x என்று எழுதி, முன்போலவே வெளியே போங்கள். இதழ்கள் 28 − x, 19 − x, 16 − x. நயினாதீவு மட்டும் 65 − (28 − x) − (19 − x) − x. அடைப்புக்குறிகளை நீக்கும்போது இரண்டு x கூடும், ஒரு x குறையும். 18 + x. அதேபோல் 11 + x, 8 + x. எல்லாவற்றையும் கூட்டினால் 100 + x. அது 107 ஆகவேண்டும், ஆகவே x = 7.

அடைப்புக்குறி போடாமல் 65 − 28 − x − 19 − x − x என்று எழுதுபவர்கள் 18 − 3x இல் போய் முடிவார்கள். ஓரத்தில் x குறைந்துகொண்டே போகிறது என்றால் அங்கே பாருங்கள்: மொத்தங்கள் மாறாமல் இருக்க, நடுவில் ஒருவர் கூடினால் ஒவ்வோர் ஓரத்திலும் ஒருவர் கூடத்தான் வேண்டும்.

பழைய தவறு இங்கேயும் தப்பித்துக்கொள்கிறது. இதழ்களில் 28, 19, 16, ஓரங்களில் 18, 11, 8, நடுவில் x என்று எழுதியவருக்கும் கூட்டுத்தொகை 100 + x தான், x உம் 7 தான். நடுவை மட்டும் கேட்கும் வினாவில் அவரை யாரும் பிடிக்கமுடியாது.

மறை எண் வந்தால் அழித்துவிட்டு 0 எழுதுதல்

எழுதாதீர்கள். பெரும்பாலும் ஓர் இதழில் நடு கழிக்கப்படவில்லை, அங்கே திரும்புங்கள்.

"குறைந்தது இரண்டு" என்றால் இதழ்கள் மட்டும் என்று எண்ணுதல்

நடுவும் சேரும். 49, 42 அல்ல.