போட்டோவில் வந்த பின்னல் பேட்டர்னைப் பிரித்து எழுதுவது: நட்சத்திரக் குறியும் அடைப்புக்குறியும்

தளியில் கார்த்திகை பிறந்துவிட்டால் விடியற்காலைப் பனி எலும்பு வரை இறங்கும். அந்த நேரத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்பும் அம்மாவுக்கு ஒரு உல்லன் சால்வை பின்ன வேண்டும் என்று போன வருஷம் உட்கார்ந்தேன். பெங்களூரில் இருக்கும் சித்தி பழைய பேட்டர்ன் பக்கம் ஒன்றைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நிட், பர்ல், கண்ணி ஏற்றுவது, முடிப்பது எல்லாம் எனக்குக் கைவந்தவைதான். ஆனால் அந்த ஆறு வரியைச் சரியாகப் படிக்கவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊசி பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகப் பேட்டர்னுக்குப் போகலாம்.

போட்டோவில் இருந்தது இது:

```
Cast on 60 (78, 96) sts.
Row 1 (RS): K.
Row 2: K3, p to last 3 sts, k3.
Row 3: K3, *(k2tog) 3 times, (yo, k1) 6 times,
       (k2tog) 3 times; rep from * to last 3 sts, k3.
Row 4: K.
Rep these 4 rows until work measures 150 cm.
```

அலை அலையாக வரும் இந்தப் பின்னலை ஃபெதர் அண்ட் ஃபேன் என்பார்கள். பார்க்கப் பெரிய வேலை போலத் தெரிந்தாலும் நாலு வரிசையில் மூன்றாவது மட்டும்தான் நம்மைச் சோதிக்கும்.

படி 1: போட்டோவைச் சரியாக வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் அளவு குறைந்து எழுத்து மங்கிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டமாக வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். எனக்கு வந்த முதல் படத்தில் நட்சத்திரக் குறி காகிதத்தில் இருந்த தூசிப் புள்ளி மாதிரி தெரிந்தது. நான் அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். பின்னால் வந்த வினை எல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

போட்டோவிலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் வசதி போனிலேயே இருக்கிறது. பாட்டுக்கும் கடிதத்துக்கும் அது சரி, பேட்டர்னுக்கு நான் அதை நம்புவதில்லை. `k1` என்பதில் இருக்கும் ஒன்றை எல் என்று எடுத்துத் தருகிறது, நட்சத்திரத்தை விட்டுவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் எழுதுவதே மேல். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் போதும். வரிசை எண்ணும் ஆப்களும் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டு கையிலும் ஊசி இருக்கும்போது திரை அணைந்து அணைந்து போவது பெரிய தொல்லை.

படி 2: சுருக்கங்களைச் செயலாக எழுதுங்கள்

இந்தப் பேட்டர்னுக்கு ஐந்தாறு சுருக்கம் தெரிந்தால் போதும். `K` என்றால் நிட், `p` என்றால் பர்ல், `sts` என்றால் கண்ணிகள், `RS` என்றால் நல்ல பக்கம், அதாவது வெளியே தெரியும் பக்கம். `k2tog` என்றால் இரண்டு கண்ணியில் ஒன்றாக ஊசியை விட்டு ஒரே நிட்டாகப் போடுவது. `yo` என்றால் நூலை முன்பக்கம் கொண்டுவந்து வலது ஊசியின் மேலே ஒரு சுற்று போடுவது. அந்தச் சுற்றே ஒரு புதுக் கண்ணியாகும், கீழே ஒரு ஓட்டையும் விழும். பின்னலின் அழகு அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பக்கத்தில் வரவு செலவு எழுதிவிடுங்கள். இடது ஊசியில் எத்தனை கண்ணி செலவாகிறது, வலது ஊசியில் எத்தனை வரவாகிறது என்பதுதான் கணக்கு. நிட்டுக்கும் பர்லுக்கும் செலவு 1, வரவு 1. `k2tog` போட்டால் செலவு 2, வரவு 1. `yo` போட்டால் செலவே இல்லை, வரவு 1. இந்தக் கணக்கு அடுத்த படியில் நம்மைக் காப்பாற்றும்.

படி 3: அடைப்புக்குறிகளைப் பிரியுங்கள்

நான் விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வரிசையில் இரண்டு விதமாகத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். சின்னத் திருப்பம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. `(k2tog) 3 times` என்றால் அந்த ஒரு வேலையை மட்டும் மூன்று முறை செய்ய வேண்டும். பெரிய திருப்பம் நட்சத்திரத்தில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது. அதற்குள் மூன்று அடைப்புக்குறிகளும் அடங்கும். `rep from *` என்ற இடம் வந்ததும் முதல் நட்சத்திரத்துக்கே திரும்பிப் போய், அந்த மூன்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எனக்கோ நட்சத்திரமே தெரியவில்லை. திரும்பச் செய் என்றால் கடைசியாகச் செய்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, கடைசி அடைப்புக்குறியின் `k2tog` வேலையையே வரிசை முடியும் வரை போட்டுக்கொண்டு போனேன். ஒரு ஓரம் விசிறி மாதிரி விரிந்தது, மறு ஓரம் சுருங்கி இறுகியது. எண்ணிப் பார்த்தால் 60 இருக்க வேண்டிய இடத்தில் 42 கண்ணிதான் இருந்தது.

இதற்கு நான் கண்ட வழி, இரண்டு பேனா. நட்சத்திரத்திலிருந்து அரைப்புள்ளி வரை சிவப்பில் ஒரு பெரிய பெட்டி போடுங்கள். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் நீலத்தில் சின்னப் பெட்டி. பெட்டிக்கு வெளியே நிற்பவை ஓரக் கண்ணிகள். இங்கே தொடக்கத்தில் 3, முடிவில் 3.

இப்போது சிவப்புப் பெட்டிக்கு மட்டும் வரவு செலவு போடலாம். முதல் நீலப் பெட்டியில் `k2tog` மூன்று முறை வருவதால் செலவு 6, வரவு 3. இரண்டாவதில் ஒரு சுற்றும் ஒரு நிட்டும் ஆறு முறை வருகின்றன. அதற்குச் செலவு 6, வரவு 12. மூன்றாவது மறுபடி செலவு 6, வரவு 3. கூட்டினால் செலவு 18, வரவு 18. குறைத்ததும் கூட்டியதும் சமமாகிவிட்டதால் வரிசை முடிந்தாலும் கண்ணி எண்ணிக்கை மாறாது. நீங்கள் எழுதியதில் செலவும் வரவும் சமமாகவில்லை என்றால் ஒரு முறை பேட்டர்னைத் திருப்பிப் பாருங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டிய வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அந்த வரியின் கடைசியிலேயே புது எண்ணிக்கையைக் கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் ஒரு நட்சத்திரமோ எண்ணோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, பெட்டியை எத்தனை முறை செய்வது? `to last 3 sts` என்றால் கடைசி மூன்று கண்ணி மிச்சம் இருக்கும் வரை. 60-ல் இரண்டு ஓரத்துக்கும் 6 போனால் 54. அதை 18-ஆல் வகுத்தால் 3. மிச்சமில்லாமல் வகுபடுகிறது என்பதே நாம் சரியாகப் படித்ததற்குச் சாட்சி.

படி 4: பட்டியலாக எழுதுங்கள்

என் நோட்டில் மூன்றாவது வரிசை இப்படி இருக்கிறது:

அ. 3 நிட்.
ஆ. இரண்டு சேர்த்து ஒரு நிட், இதை 3 முறை.
இ. ஒரு சுற்று, ஒரு நிட், இதை 6 முறை.
ஈ. இரண்டு சேர்த்து ஒரு நிட், இதை 3 முறை.
உ. ஆ, இ, ஈ மூன்றையும் இதே வரிசையில் இன்னும் 2 தடவை. மொத்தம் 3 தடவை.
ஊ. 3 நிட். எண்ணினால் 60.

"இன்னும் 2" என்று எழுதினாலும் பக்கத்தில் "மொத்தம் 3" என்று கட்டாயம் எழுதுங்கள். பேட்டர்ன்களில் `rep from * twice more` என்று வந்தால் ஏற்கனவே செய்த ஒன்றோடு சேர்த்து மொத்தம் மூன்று. அடைப்புக்குறிக்குப் பின்னால் வெறும் `twice` என்று வந்தால் மொத்தமே இரண்டு. `more` என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதை விரல் வைத்துப் பாருங்கள்.

ஒரு பெட்டி ஈ-யில் முடிந்து அடுத்தது ஆ-வில் தொடங்குவதால், நடுவில் இரண்டு சேர்க்கும் வேலை தொடர்ந்து ஆறு முறை வரும். அதைத் தப்பு என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். 18 கண்ணிக்கு ஒரு முறை வேறு நிற நூலில் சின்ன வளையம் கட்டி ஊசியில் மாட்டிக்கொண்டால் ஒரு பெட்டி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மற்ற வரிசைகள் சுலபம். முதல் வரிசை 60 நிட். இரண்டாவது 3 நிட், 54 பர்ல், 3 நிட். நான்காவது மறுபடி 60 நிட். அந்த நான்காவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வரிசையில் போட்ட சுற்றுகள் ஊசியில் சாய்ந்து தளர்வாகக் கிடக்கும், கண்ணி மாதிரியே தெரியாது. அவற்றையும் ஒவ்வொன்றாக நிட் போட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பெரும்பாலும் ஒரு சுற்றை நழுவவிட்டிருப்போம்.

படி 5: 24 கண்ணியில் சோதியுங்கள்

60 ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பெட்டிக்கு 18, ஓரத்துக்கு 6 என்று 24 கண்ணி மட்டும் ஏற்றி நாலு வரிசையும் போட்டுப் பாருங்கள். இந்த அளவில் உ-வை விட்டுவிடலாம். முடிவில் 24 இருந்தால் உங்கள் பட்டியல் சரி. அரை மணி நேர வேலைதான். நான் அதைச் செய்யாததால் ஓசூரிலிருந்து வாங்கிவந்த நூலை இரண்டு முறை பிரிக்க வேண்டியிருந்தது. உல்லன் நூலைப் பிரித்துப் பிரித்துப் பின்னினால் பஞ்சு கிளம்பி அதன் மினுமினுப்பு போய்விடுகிறது.

பின்குறிப்பு 1: தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு அக்கா, "60 ஏற்றிவிட்டு அடுத்து 78 ஏற்றணுமா?" என்று கேட்டிருந்தார். நான் அதை விளக்காமல் விட்டது தப்பு. முதல் வரியில் இருக்கும் அடைப்புக்குறிக்கும் திரும்பச் செய்வதற்கும் சம்பந்தமில்லை. அவை அளவுகள். 60 குறுகலான சால்வைக்கு, 78-ம் 96-ம் அகலமானவைக்கு. உங்கள் அளவை வட்டமிட்டு மற்ற இரண்டையும் அடித்துவிடுங்கள். 78-க்குப் பெட்டி 4 தடவை, 96-க்கு 5 தடவை வரும்.

பின்குறிப்பு 2: பழைய பிரிட்டிஷ் பேட்டர்னில் `yo` இல்லை, `yfwd` இருக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். இரண்டு நிட்டுக்கு நடுவில் வந்தால் இரண்டும் ஒரே வேலைதான்.

பின்குறிப்பு 3: தட்டச்சு செய்த பேட்டர்னை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். `*k2, p2*` என்று இரு பக்கமும் ஒட்டி நட்சத்திரம் வைத்தால் வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்தாக மாற்றி, நட்சத்திரங்களை மறைத்துவிடும். வாங்குகிறவருக்கு எது திரும்ப வர வேண்டும் என்றே தெரியாது. நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறி போட்டு, எத்தனை தடவை என்று எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் நோட்டுப் பக்கத்தையே போட்டோ எடுத்து, டாக்குமெண்டாக அனுப்பிவிடுங்கள்.