நெருங்கியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் லீவு கேட்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதன்கிழமை அதிகாலை 2 மணி. நெஞ்சுவலி என்று அப்பாவை ஐசியூவில் சேர்த்தாயிற்று. காலை 11 மணிக்கு வாடிக்கையாளருடன் மீட்டிங். வராண்டாவில் நின்றபடி பலரும் தட்டிவிடும் மெசேஜ் இது:

"சார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எமர்ஜென்சி. சில நாள் லீவு வேண்டும்."

இதில் பொய் ஏதுமில்லை, ஆனால் மேனேஜரால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'உடம்பு சரியில்லை' என்றால் சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அட்மிட் செய்திருக்கிறோம் என்ற முக்கியமான செய்தியே விட்டுப்போயிற்று. 'சில நாள்' என்பதற்கு ஒப்புதல் தர முடியாது, தேதி வேண்டும். 11 மணி மீட்டிங் என்ன ஆகும் என்றும் தெரியாததால் அவர் உங்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். நீங்கள் டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்தப் போன் வரும்.

அதையே இப்படி எழுதலாம்:

"சார், நெஞ்சுவலி காரணமாக அப்பாவை இன்று அதிகாலை 2 மணிக்கு ஐசியூவில் சேர்த்திருக்கிறோம். இன்றும் நாளையும் எமர்ஜென்சி லீவு வேண்டும். வெள்ளிக்கிழமை வர முடியுமா என்பதை நாளை மாலை 5 மணிக்குள் சொல்கிறேன். 11 மணி மீட்டிங்குக்கான ஃபைல் டீம் ஃபோல்டரில் இருக்கிறது. 4ஆம் பக்க எண்களை மட்டும் இன்னும் சரிபார்க்கவில்லை. டீம் லீடருக்கும் இதைச் சொல்லிவிட்டேன். ஐசியூவுக்குள் போன் எடுக்க முடியாது, மெசேஜ் போட்டால் வெளியே வந்ததும் பார்க்கிறேன்."

ஏன் இரண்டு நாள் மட்டும்? முதல் நாளில் எத்தனை நாள் ஆகும் என்று டாக்டராலேயே பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து நாள் என்று கேட்டால் அது ஊகம். ஒரு நாள் என்று கேட்டால் மறுநாளே திரும்பவும் கேட்க வேண்டியிருக்கும். தெரிந்த அளவுக்குக் கேட்டுவிட்டு, அடுத்த தகவல் எப்போது வரும் என்று நேரம் குறித்துச் சொல்வதே சரி. சொன்ன நேரத்தைத் தவறவிடாதீர்கள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லாவிட்டால், "இன்னும் தெரியவில்லை, வெள்ளிக்கும் லீவு தேவைப்படும்" என்றாவது எழுதுங்கள். லீவு முடிந்த பிறகு தகவலில்லாமல் போகும் நாள்தான் சொல்லாமல் எடுத்த விடுப்பாகப் பதிவாகும்.

நள்ளிரவில் போட்ட மெசேஜை மேனேஜர் காலையில் பார்க்காமலே கிளம்பலாம். வேலை தொடங்கும் முன் ஒரு முறை போன் செய்யுங்கள், இரண்டு நிமிடம் போதும். சக ஊழியரிடம் 'சார்கிட்ட சொல்லிடு' என்று விடுவதும், டீம் குழுவில் மட்டும் போடுவதும் லீவு கேட்டதாக ஆகாது. மெசேஜைப் படித்துவிட்டார் என்று காட்டும் டிக்கும் ஒப்புதல் அல்ல. 'சரி' என்று எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் லீவு விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். மேனேஜர் வாயால் சொன்ன சம்மதம் வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது; பதிவு விட்டுப்போனால் ஆப்சென்ட் என்று விழுந்து சம்பளம் பிடிக்கப்படலாம். உங்களால் முடியாவிட்டால் அவரையே பதியச் சொல்லுங்கள். எந்த வகை லீவில் கழிப்பார்கள், சம்பளமில்லா விடுப்பா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பலரும் கவனிக்காத தவறு வேறொன்று இருக்கிறது. ஐசியூ நாட்களிலேயே கையிருப்பு லீவு முழுவதையும் கரைத்துவிடுவது. அந்த நாட்களில் நோயாளியை நர்ஸ்கள் கவனிக்கிறார்கள். வெளியே காத்திருக்கும் வேலையைக் குடும்பத்தில் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் நாள் அப்படியல்ல. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து வாங்குவது என்று பாதி நாளாவது போய்விடும். 'காலையில் டிஸ்சார்ஜ், மதியம் வந்துவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் மாத்திரை நேரம், குளியல், கழிவறை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நான்கு நாள்தான் லீவு மிச்சம் என்றால், முதல் நாளுக்கு ஒன்று, டிஸ்சார்ஜுக்கு ஒன்று, வீட்டுக்கு வந்தபின் இரண்டு என்று பிரிப்பதே என் கணிப்பில் நல்லது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், கூடவே இருங்கள்.

சான்று கேட்டால் முதலில் அட்மிஷன் சீட்டு போதுமா என்று கேளுங்கள். உறவினர் பெயரும் சேர்த்த தேதியும் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் முழு விவரமும் இருப்பதால் அதை டீம் குழுவில் போட வேண்டாம். கேட்டால் மேனேஜருக்கோ ஹெச்ஆருக்கோ தனியாக அனுப்புங்கள். நீங்கள் சொன்ன தேதியும் காகிதத்தில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பின் சேர்த்தால் சீட்டில் மறுநாள் தேதிதான் இருக்கும்.