பிள்ளையின் கல்யாணத்துக்கு லீவு கேட்கும் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனது மகளின் திருமண ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால் ஆறு வார கால லீவு தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஹட்டனில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு எழுதும் தாய் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். கடிதத்தில் பணிவுக்குக் குறைவில்லை; ஆனால் முகாமையாளர் ஒப்பமிடுவதற்கு அதில் ஒரு திகதிகூட இல்லை.

வாரக் கணக்கில் கேட்பதுதான் முதல் தவறு. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, சேர்ந்து சில ஆண்டுகளான ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. சனிக்கிழமை அரை நாள் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆறு வாரம் என்பது 33 வேலை நாள். ஆண்டு முழுவதற்கும் உரிய 21 நாளை அப்படியே சேர்த்தாலும் அது போதாது. இந்தத் தாய்க்கோ ஏற்கெனவே எடுத்தவை போக வருடாந்த லீவில் 11 நாளும் அமைய லீவில் 5 நாளும்தான் மீதம் இருந்தன. கடந்த ஆண்டு ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ வேலைக்குச் சேர்ந்தவராக இருந்திருந்தால், இவ்வாண்டு அவருக்குக் கிடைக்கக்கூடிய வருடாந்த லீவு வெறும் 4 நாள். ஆகவே எழுதுமுன் லீவுப் பதிவேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு அவரோடு உட்கார்ந்து வேலைகளைப் பிரித்துப் பார்த்தோம். செட்டியார் தெருவில் தாலியும் நகையும் வாங்கக் கொழும்புக்குப் போய்வர 2 நாள் அமைய லீவு. பத்திரிகை வைப்பது, பந்தல், சமையல்காரர், உறவினரை வரவேற்பது என எல்லாம் நெருங்கிவரும் கடைசி இரண்டு வாரத்துக்கு 11 நாள் வருடாந்த லீவு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு எஞ்சிய 3 நாள் அமைய லீவு. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலே போதுமானதாக இருந்தது. ஆறு வாரம் என்று கேட்டது 16 நாளில் அடங்கியது.

மீதம் இல்லாதவர்கள், வேறு வழி தெரியாமல் சுகவீனம் என்று எழுதுவதுண்டு. ஊரெல்லாம் பத்திரிகை வைக்கும் கல்யாணத்தை மறைக்க முடியாது. பொய் என்று தெரிந்தால் ஒழுக்காற்று விசாரணை வரை போகும். தேவையான மேலதிக நாட்களைச் 'சம்பளமற்ற லீவு' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். அது சட்டம் தரும் உரிமையல்ல, முகாமையாளர் இணங்கினால் மட்டுமே கிடைப்பது; எனவே இணக்கத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். சம்பளம் குறையும்போது, அதன் மீது கணிக்கப்படும் ஊழியரின் 8 வீத, முதலாளியின் 12 வீத சேமலாப நிதிப் பங்களிப்புகளும் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முகூர்த்தம் குறித்த அந்த வாரத்திலேயே கடிதம் கொடுப்பது நல்லது. மாதக் கடைசிச் சம்பளப் பட்டியலை யார் பார்ப்பார் என்பதை எழுதாமல் விடுவதும் பெரிய குறை. அந்தத் தாயின் திருத்திய கடிதம், மூன்று வரிசைத் திகதிகளுக்குக் கீழே இப்படி முடிந்தது: "சம்பளப் பட்டியலை 20ஆம் திகதிக்கு முன்னர் தயாரித்து ஒப்படைப்பேன். எஞ்சிய வேலைகளை என்னுடன் பணிபுரியும் எழுதுவினைஞர் கவனிக்க இணங்கியுள்ளார். அவரது ஒப்பம் கீழே உள்ளது."