ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் இன்னும் எத்தனை நாள் மிச்சம்? எக்செல்லில் கணக்கிடும் முறை

ஒரு தேதியைக் கொடுத்தால், அந்த நிதியாண்டு முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எக்செல் சொல்ல வேண்டும். இதற்கென்று தனி ஃபங்ஷன் எதுவும் எக்செல்லில் இல்லை. ஆனால் `DATE`, `YEAR`, `MONTH` ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், நாமே செய்துகொள்ளலாம். இங்கே கொடுத்திருக்கும் ஃபார்முலாக்கள் கூகுள் ஷீட்ஸிலும் அப்படியே வேலை செய்யும்.

ஃபார்முலாவுக்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எக்செல்லைப் பொறுத்தவரை தேதி என்பது ஒரு எண்தான். 15-07-2025 என்று நீங்கள் தட்டும்போது உள்ளே பதிவாவது 45853. 31-03-2026 என்றால் 46112. நமக்குத் தேதியாகத் தெரிவது அந்த எண்ணின் மேல் போட்டிருக்கும் வடிவம் மட்டுமே. அதனால் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியை நேராகக் கழிக்கலாம்: 46112 − 45853 = 259.

அப்படியானால் கழிப்பது சுலபம். நிதியாண்டு முடியும் தேதி எந்த ஆண்டின் மார்ச் 31 என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

படி 1: நிதியாண்டு முடியும் தேதி

A2 செல்லில் 15-07-2025 என்று தட்டுங்கள். ஜூலையில் இருக்கிறோம், ஆகவே வரப்போகும் மார்ச் 31 அடுத்த ஆண்டில் வருகிறது. இதுவே 10-02-2026 என்றால், மார்ச் 31 அதே ஆண்டில் இருக்கிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஆண்டோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டக் கூடாது. இதை B2 செல்லில் இப்படி எழுதலாம்:

```
=DATE(IF(MONTH(A2)>=4,YEAR(A2)+1,YEAR(A2)),3,31)
```

உள்ளே இருக்கும் `IF` மாதம் 4 அல்லது அதற்கு மேலா என்று பார்த்து ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறது. `DATE` அந்த ஆண்டின் 3-ஆம் மாதம் 31-ஆம் தேதியை உருவாக்குகிறது. B2-வில் 31-03-2026 வர வேண்டும். 46112 என்று வந்தால் தப்பில்லை, செல்லின் வடிவத்தை Date என்று மாற்றினால் சரியாகிவிடும்.

`IF` இல்லாமல் எப்போதும் ஒன்றைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஜனவரி பிறந்ததும் விடை எகிறிவிடும்: 10-02-2026-க்கு 49 வர வேண்டிய இடத்தில் 414 வரும். கூட்டவே இல்லையென்றால் ஜூலை தேதிக்கு −106 என்று வரும். 365-ஐத் தாண்டிய விடையோ மைனஸ் விடையோ கண்ணில் பட்டால், முதலில் இந்த `IF` பகுதியைப் பாருங்கள்.

படி 2: கழித்தல்

C2 செல்லில்:

```
=B2-A2
```

விடை 259. இந்த இடத்தில் பலருக்கு 259-க்குப் பதிலாக 15-09-1900 என்று ஒரு பழைய தேதி தெரியும். C2-வுக்குத் தேதி வடிவம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். எக்செல்லில் Home பட்டியில் Number பகுதியில் General என்று மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸில் Format → Number → Number.

இன்றைய தேதியிலிருந்தே கணக்கு வேண்டுமென்றால் A2-வில் `=TODAY()` போடுங்கள். `NOW()` போடாதீர்கள், அதில் நேரமும் சேர்ந்து வருவதால் விடை தசமத்தில் வரும். இன்னொன்று, `TODAY()` போட்ட கோப்பை நாளைக்குத் திறந்தால் எண் மாறியிருக்கும். கணக்கில் பதிவாக நிற்க வேண்டிய தேதி என்றால் அதைக் கையால் தட்டுவதே நல்லது. Ctrl + ; அழுத்தினால் இன்றைய தேதி மாறாத மதிப்பாக வந்து உட்காரும்.

படி 3: தொடங்கும் நாள் கணக்கில் சேருமா?

259 என்பதில் ஜூலை 15 சேரவில்லை. ஜூலை 16 முதல் மார்ச் 31 வரையிலான நாட்கள்தான் அது. "இன்று போக இன்னும் எத்தனை நாள்" என்ற கேள்விக்கு இதுவே சரியான விடை. ஆனால் ஜூலை 15 அன்று தொடங்கிய ஒரு செலவை நாள் கணக்கில் பிரிக்கிறீர்கள் என்றால், அந்த நாளும் சேர வேண்டும். அதற்கு D2 செல்லில்:

```
=B2-A2+1
```

விடை 260. இந்த ஒரு நாள் விஷயத்தில்தான் கணக்குகள் அதிகமாக உதைக்கும். அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகவே போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். 15-07-2025 அன்று தொடங்கி 14-07-2026 அன்று முடிகிறது. முழுத் தொகை 36,500, முன்பணமாகவே கட்டியாயிற்று. இதில் இந்த நிதியாண்டின் செலவு எவ்வளவு, அடுத்த நிதியாண்டுக்குத் தள்ள வேண்டியது எவ்வளவு? மொத்தம் 365 நாட்கள், ஆக நாளொன்றுக்கு 100. இந்த நிதியாண்டில் 260 நாட்கள் வருவதால் 26,000. அடுத்த நிதியாண்டில் ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலையில் 14 என்று 105 நாட்கள், ஆக 10,500. இரண்டையும் கூட்டினால் 36,500. சரியாக இருக்கிறது.

இதே கணக்கை 259 வைத்துப் போட்டால் 25,900. அடுத்த ஆண்டின் 10,500-ஐயும் சேர்த்தால் 36,400 தான் வரும். ஒரு நாளுக்கான 100 எந்த ஆண்டிலும் இல்லாமல் காணாமல் போகிறது. அதனால் அடுத்த ஆண்டின் பங்கை மொத்தத்திலிருந்து கழித்து எடுக்காமல், அதன் நாட்களைத் தனியாக எண்ணிக் கணக்கிடுங்கள். அப்படிச் செய்தால்தான் இரண்டும் சேர்ந்து முழுத் தொகை வருகிறதா என்பது உண்மையான சரிபார்ப்பாக இருக்கும். கழித்து எடுத்தால் தப்பு உள்ளேயே மறைந்துவிடும்.

இதை ஃபார்முலாவில் வைக்க, E2-வில் ஒப்பந்தம் முடியும் தேதியையும் F2-வில் தொகையையும் எழுதி, G2-வில்:

```
=F2*(MIN(B2,E2)-A2+1)/(E2-A2+1)
```

`MIN` எதற்கு? ஆறு மாத ஒப்பந்தம் ஒன்று 14-01-2026 அன்றே முடிந்துவிடலாம். அப்போது மார்ச் 31 வரை எண்ணினால் இல்லாத நாட்களுக்கும் செலவு எழுதியதாகிவிடும். இரண்டில் எந்தத் தேதி முந்தி வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ள `MIN` உதவுகிறது.

வகுக்கும் இடத்தில் 365 என்று எண்ணாக எழுதாமல் `E2-A2+1` என்று விட்டிருப்பதைக் கவனியுங்கள். 15-07-2027 அன்று தொடங்கும் ஓராண்டு ஒப்பந்தத்துக்குள் 29-02-2028 வருகிறது. அதனால் மொத்தம் 366 நாட்கள். நிதியாண்டு விஷயத்தில் லீப் ஆண்டு கொஞ்சம் குழப்பும்: 2028 லீப் ஆண்டுதான், ஆனால் அந்தக் கூடுதல் நாள் 2027-28 நிதியாண்டைச் சேர்ந்தது, 2028-29-ஐ அல்ல. பிப்ரவரி எந்த நிதியாண்டில் விழுகிறது என்பதை வைத்தே முடிவு. தேதிகளைக் கழிக்கும்போது எக்செல் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். 365 என்று நாமே எழுதினால்தான் சிக்கல்.

தப்பு எங்கே ஒளிந்திருக்கும்

மேலே உள்ள ஃபார்முலாக்களைப் பல வரிசைகளுக்கு இழுத்துவிடும்போது, A நெடுவரிசையில் காலியாக இருக்கும் செல்லுக்கு நேராக C-யில் 91, D-யில் 92 என்று வரும். காலி செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொண்டு, 1900-ஆம் ஆண்டின் மார்ச் 31 வரை எண்ணுவதால் வரும் விடை இது. 91 என்பது நம்பும்படியான எண்ணாக வேறு இருப்பதால், கூட்டுத்தொகையில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். D2-வை இப்படி எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. C2-வுக்கும் இதே முறைதான்:

```
=IF(A2="","",B2-A2+1)
```

அடுத்தது இதைவிடப் பெரிய தொல்லை. வேறு மென்பொருளிலிருந்து எடுத்த தேதிகளை ஒட்டும்போது சில வரிசைகளில் `#VALUE!` வரும். கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் வைக்கும் முறையில் இருந்தால், 15/07/2025 என்பதில் 15-ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. அந்த வரிசையை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதே பட்டியலில் 05/07/2025 என்று இருந்தால் அது எந்தப் பிழையும் காட்டாமல் மே 7 ஆக உள்ளே போயிருக்கும். ஜூலை 5 என்றால் D-யில் 270 வர வேண்டும். இப்போது 329 வரும். ஒரு பட்டியலில் சில இடங்களில் `#VALUE!` தெரிந்தால், பிழை காட்டாத வரிசைகளையும் சந்தேகப்பட வேண்டும்.

செல்லுக்குள் எழுத்து இருக்கிறதா எண் இருக்கிறதா என்று பார்க்க `=ISNUMBER(A2)` போடுங்கள். `FALSE` வந்தால் எழுத்து. ஆனால் மே 7 ஆக மாறிய தேதிக்கு இது `TRUE` என்றே சொல்லும். அதனால் மூலத் தரவிலிருந்து மறுபடி எடுப்பதுதான் பாதுகாப்பான வழி. ஒட்டுவதற்கு முன்பே நெடுவரிசையின் வடிவத்தை Text என்று வைத்துவிடுங்கள். அப்புறம் ஒட்டி, Data → Text to Columns போய், மூன்றாவது திரையில் Date என்பதில் DMY தேர்ந்தெடுத்து Finish கொடுங்கள். எல்லாத் தேதிகளும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் ஒழுங்காகப் படிக்கப்படும்.

கடைசியாக, விடுமுறை போக வேலை நாட்கள் மட்டும் வேண்டுமென்றால்:

```
=NETWORKDAYS(A2,B2)
```

இது சனி, ஞாயிறு இரண்டையும் விட்டுவிடும். நம் உதாரணத்துக்கு விடை 186. ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் `=NETWORKDAYS.INTL(A2,B2,11)`, விடை 223. மற்ற விடுமுறை நாட்களை ஒரு நெடுவரிசையில் எழுதிவைத்து, அந்த வரம்பை ஃபார்முலாவின் கடைசியில் சேர்த்தால் அவையும் கழியும். இந்த இரண்டு ஃபங்ஷன்களும் தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணும். ஆகவே இவற்றோடு `+1` போட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்ப்பதானால் C நெடுவரிசையோடு அல்லாமல் D-யோடு ஒப்பிடுங்கள்.