கடைசி மாதங்களில் கால் வீக்கம்: எது சாதாரணம், எது ஆபத்து?

ஏழாம் மாதத்துக்குப் பிறகு சாயங்காலம் ஆனால் செருப்பு இறுக்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு இருக்கும். வளர்ந்த கருப்பை, கால்களிலிருந்து ரத்தம் மேலேறும் பெரிய நாளத்தை அழுத்துவதால் நீர் கணுக்காலில் தேங்குகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்து, இரவு படுத்து எழுந்ததும் குறைந்தால் பயமில்லை.

இடப்பக்கமாகச் சாய்ந்து, பாதங்களுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, இருபது நிமிடம் படுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலைப் பத்து முறை சுழற்றுங்கள். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்பது தவறான எண்ணம். நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

காலையிலும் வடியாத வீக்கம், ஓரிரு நாளில் முகமும் கையும் உப்பி மோதிரம் கழலாமல் போவது, கண்ணைச் சுற்றி வீங்குவது: இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதமும் சோதியுங்கள். 140/90 தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும். 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, வீக்கமே இல்லாவிட்டாலும், உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு வரை போகக்கூடியது இது.

ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.