நகையைத் திருப்பிக் கேட்கும்போது மலையகப் பெண்கள் செய்யும் தவறுகள்

கணவன் வீட்டை விட்டு வந்த பெண் முதலில் போவது பெரும்பாலும் பொலிசுக்குத்தான். "என் நகை 11 பவுன் அவங்க வீட்டுல இருக்கு" என்று ஒரு என்ட்ரி போட்டுவிட்டு வருவார். சிக்கல் அந்த ஒற்றை வரியில் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். மஸ்கெலியா பக்கத் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்கு அப்பா 5 பவுன் சங்கிலி வாங்கினார், பில் அவர் பெயரில் இருக்கிறது. அண்ணன் 2 பவுனில் வளையல் போட்டார், பில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் 3 பவுனில் தாலிக்கொடி செய்தார்கள். மாப்பிள்ளை விரலில் 1 பவுன் மோதிரம் போட்டதும் அப்பாதான். ஆக மொத்தம் 11 பவுன். ஆனால் சட்டத்தின் முன் இவை நான்கும் ஒரே மாதிரியான நகைகள் இல்லை.

மோதிரத்தை முதலில் விட்டுவிடுங்கள். பணம் அப்பாவுடையது என்றாலும் அது கொடுக்கப்பட்டது மாப்பிள்ளைக்கு. கொடுத்தவர் யாரை மனதில் வைத்துக் கொடுத்தார், வாங்கியவர் யார் என்பதுதான் கேள்வி. அதனால் சங்கிலிக்கும் பில் மட்டும் போதாது. பில் காட்டுவது அப்பா வாங்கினார் என்பதை. அதை மகளுக்கென்று கொடுத்தேன் என்று அவரே சாட்சி சொல்ல வேண்டும். வளையலுக்கு அண்ணனின் சாட்சியமும், மணமேடையில் அது கையில் தெரிகிற படமும். தாலிக்கொடிதான் இழுபறி: "எனக்கே கொடுத்துவிட்டார்கள்" என்று பெண், "போட்டுக்கொள்ளத்தான் கொடுத்தோம்" என்று மாப்பிள்ளை வீட்டார். இதைச் சங்கிலியோடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்டால் உறுதியான கோரிக்கையும் பலவீனப்படும். மோதிரத்தையும் கணக்கில் போட்டிருந்தால், "இது பொய் என்றால் மற்றதும் பொய்தான்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார்.

நிரூபிக்க வேண்டியது ஏன் நீங்கள்? இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவு அப்படி. பொருள் யார் கைவசம் இருக்கிறதோ, அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும். நகை மாமியாரின் அலமாரியில் இருந்தால் பாரம் உங்கள் மேல். அதனால் பட்டியலில் ஒவ்வொரு நகைக்கும் தனி வரி வேண்டும்: எடை, யார் கொடுத்தது, எந்தச் சந்தர்ப்பம், கடைசியாக எங்கே பார்த்தது. மொய் நோட்டில் எழுதியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். கல்யாண வீடியோ இருந்தால் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். பதிவுகளைச் சான்றாகக் கொண்டுவர, 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் விசாரணைத் திகதிக்கு 45 நாள் முன்பே அறிவிக்கச் சொல்கிறது. விசாரணை நெருங்கியபின் போனை நீட்டினால் சிக்கல்தான்.

அடுத்த தவறு யூடியூபிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு வக்கீல் சொல்லும் வரதட்சணைச் சட்டப் பிரிவுகள் இந்தியச் சட்டம், இங்கே செல்லாது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சொல்லும், வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் பொதுவாக மலையகத் தமிழருக்குரியதல்ல (தேசவழமைக்கு உட்பட்டவரைக் கட்டியிருந்தால் கதை வேறு). இந்தப் பெண்ணுக்குப் பொருந்துவது பொதுச் சட்டமும், 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டமும். அதன்படி மனைவியின் சொத்து அவளுடையது, கணவனின் அனுமதி தேவையில்லை.

பொலிசில் முறைப்பாடு போடுங்கள், அது தேதியிட்ட பதிவு. ஆனால் நகை யாருடையது என்று தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம், பொலிஸ் அல்ல. பொலிஸ் நிலையத்தில் இரண்டு வளையலை வாங்கிக்கொண்டு "பொருட்கள் எல்லாம் கிடைத்தன" என்ற தாளில் கையெழுத்திடுவதுதான் என் கண்ணில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. வாங்கியதை மட்டும் எழுதி, மீதி வரவில்லை என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள். அண்ணன்மாரோடு போய் அலமாரியை உடைத்து எடுத்தால் திருட்டுக் குற்றச்சாட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அப்புறம் அடகு. தோட்டத்தில் சங்கிலி பெட்டியில் இருக்கிற நாளைவிட பாங்கில் இருக்கிற நாள் கூட. சீட்டு கணவன் பெயரில் இருந்தால் "அவர் நகைதான்" ஆகிவிடாது, அடகு வைத்தார் என்றுதான் ஆகும். அந்தச் சீட்டில் எடையும் தரமும் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்து வைத்தால் உங்களுக்கே சாட்சி. ஆனால் உங்கள் வாய்ச்சொல்லுக்காகப் பாங்கு நகையை நிறுத்தி வைக்காது. தவணை தப்பினால் ஏலம் போகும், கணவன் மீட்டு உருக்கியும் விடலாம். அதனால் வழக்கில் நகையை மட்டும் கேட்காமல், அது இல்லையென்றால் அதன் பெறுமதி என்றும் கேட்க வேண்டும். பெறுமதியைக் கணக்கிட ஒரு பவுன் 8 கிராம் என்பது மட்டும் போதாது. சங்கிலி எத்தனை கரட், கல் எடை எவ்வளவு என்பதை அந்தச் சீட்டோ அப்பாவின் பில்லோ சொல்ல வேண்டும்.